விசிறி நிற்கும் நிமிடங்கள்: பெயிண்ட் பூத்திலும் வாகனப் பணிமனையிலும் ஆவியைக் கையாளும் முழுமையான வழிகாட்டி

தின்னரில் பரவலாகக் கலக்கும் கரைப்பானான டொலுயீன் ஒரு லிட்டர் முழுவதும் ஆவியானால், சாதாரண அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 230 லிட்டர் ஆவி கிடைக்கிறது. காற்றில் அந்த ஆவி 1.1 சதவீதத்தை எட்டினாலே தீப்பற்றும் என்பதால், ஒரு லிட்டர் தின்னரால் சுமார் 21 கன மீட்டர் காற்றைப் பற்றக்கூடிய கலவையாக மாற்ற முடியும். பற்றுவதற்குத் தேவைப்படும் இந்தக் குறைந்தபட்ச அளவைக் கீழ் எரிவரம்பு என்கிறோம். பெயிண்ட் தெளிக்கும் மூடிய அறையான பூத்தின் காற்றில் ஆவி இந்த வரம்பின் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது, அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் தெளிப்பு வேலைக்கு வகுத்த என்.எஃப்.பி.ஏ. 33 என்னும் தரநிலையின் விதி. அந்த அளவுக்குள் நிற்க, ஆவியாகும் ஒவ்வொரு லிட்டருக்கும் 84 கன மீட்டர் காற்று வேண்டும்.

இந்த வழிகாட்டி, கார் நிற்கும் ஒரு பெயிண்ட் பூத்தையும் அதன் அருகில் ஒரு சர்வீஸ் குழியையும் கொண்ட பணிமனையை எடுத்துக்கொண்டு, காலையில் விசிறியைப் போடுவது முதல் இரவில் கதவைப் பூட்டுவது வரை ஆவியைப் பின்தொடர்கிறது. பூத்தின் அளவு 7 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம் என்றும், காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்க வடிகட்டிகள் வழியாக வெளியேறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் படி: காற்று எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடுங்கள்

பூத்தின் குறுக்குப் பரப்பு 4 × 2.7, அதாவது 10.8 சதுர மீட்டர். இத்தகைய பூத்துக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் காற்று வேகம் வினாடிக்கு அரை மீட்டர். அப்படியானால் வினாடிக்கு 5.4 கன மீட்டர் காற்று வெளியேறுகிறது. பூத்தின் மொத்தக் காற்றும் 14 வினாடிக்கு ஒருமுறை மாறிவிடுகிறது.

இப்போது ஒரு காருக்கு, நிறத்தின் மேல் வரும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியர் கோட் அடிக்கிறோம். கலந்து தயாரித்த இரண்டு லிட்டரில் 1.2 லிட்டர் கரைப்பான் என்றும், அது டொலுயீனைப் போன்றது என்றும், 20 நிமிடத்தில் அடித்து முடிக்கிறோம் என்றும் கொள்வோம். வெளிவரும் ஆவி 0.28 கன மீட்டர். அதே நேரத்தில் பூத்தைக் கடக்கும் காற்று 6,480 கன மீட்டர். சராசரியில் ஆவியின் அளவு கீழ் எரிவரம்பின் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நிற்கிறது. ஸ்ப்ரே கன்னின் முனைக்கு எதிரே உள்ள பனிமூட்டம் மட்டும் எப்போதும் பற்றக்கூடியதாகவே இருக்கும். இங்கே பலர் ஏமாறுவது உண்டு: அறை வெப்பநிலையில் எளிதில் பற்றாத திரவமானாலும், நுண்துளிகளாகச் சிதறிய பிறகு அது பற்றிக்கொள்ளும்.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு எங்கே கவனம் செலுத்த வேண்டும் என்பது தெளிவாகிவிடும். விசிறி ஓடும்போது பூத்துக்குத் தாராளமான பாதுகாப்பு இடைவெளி இருக்கிறது. அது நின்றவுடன் அந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. வேலை முடிந்து விசிறியை அணைத்த பின், ஒருவர் கன்னில் 300 மில்லி தின்னரை ஊற்றிப் பூத்துக்குள்ளேயே பீய்ச்சிக் கழுவுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முழுதும் ஆவியானால் கிடைக்கும் 69 லிட்டர் ஆவி, அறை முழுவதும் சீராகக் கலந்தால் ஆபத்தில்லை; ஆனால் காற்று அசையாத அறையில் அது அப்படிக் கலப்பதில்லை. டொலுயீன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. ஈரப் பரப்பின் மேல் உருவாகும் செறிந்த கலவை தரையோடு தாழ்ந்து பரவும். பூத்தின் 28 சதுர மீட்டர் தரையில் 22 சென்டிமீட்டர் உயரம் வரை, ஏறத்தாழ கணுக்காலுக்குச் சற்று மேலே, பற்றக்கூடிய ஒரு படலத்தை உண்டாக்க அந்த 300 மில்லி போதும். நின்றுகொண்டிருப்பவரின் மூக்குக்கு அது முழுமையாகத் தெரியாது.

இரண்டாம் படி: காற்றோட்டத்தை அளந்து உறுதி செய்யுங்கள்

விசிறியின் சத்தம் கேட்கிறது என்பதைக் காற்று ஓடுகிறது என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. மோட்டார் சுழன்றுகொண்டிருக்க, பெல்ட் தளர்ந்து விசிறி பாதி வேகத்தில் ஓடலாம். காற்றை வெளியே கொண்டுபோகும் டக்டின் வெளி மூடி திறக்காமல் போகலாம். ஆகவே காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரைக் கொண்டு, காற்றின் பாதைக்குக் குறுக்கே மேலே, நடுவே, கீழே என மூன்று வரிசைகளிலும், ஒவ்வொரு வரிசையிலும் மூன்று இடங்களிலுமாக ஒன்பது அளவீடுகளை எடுத்து, நாளிட்டுக் குறித்து வையுங்கள். சராசரி மட்டும் போதாது. ஒரு மூலை மற்ற இடங்களில் பாதிகூட வராவிட்டால், தெளிப்புப் படிவு அங்கேதான் குவியும்.

வடிகட்டிகளின் இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானோமீட்டர் இந்த வேலைக்கு மிக எளிய கருவி. புதிய வடிகட்டி பொருத்திய அன்றே அதன் அளவைக் கண்ணாடியில் ஒரு கோடாக வரைந்து, தயாரிப்பாளர் சொல்லும் மாற்று அளவை இரண்டாவது கோடாக வரைந்துவிடுங்கள். முள் மெல்ல ஏறி இரண்டாம் கோட்டைத் தொட்டால் வடிகட்டி நிறைந்துவிட்டது. முள் திடீரென்று கீழே இறங்கினால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: வடிகட்டி கிழிந்திருக்கிறது, சட்டத்திலிருந்து நழுவியிருக்கிறது, அல்லது விசிறி தளர்ந்திருக்கிறது. நழுவிய வடிகட்டியின் பக்கவாட்டில் போகும் பெயிண்ட், விசிறி இறக்கைகளிலும் டக்டின் உட்சுவரிலும் படிகிறது. அங்கே அதை யாரும் பார்ப்பதில்லை.

அடைத்துக்கொண்ட வடிகட்டியைப் பற்றி ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். காற்று வேகம் அரை மீட்டரிலிருந்து 0.3 மீட்டராகக் குறைந்தாலும், மேலே போட்ட கணக்கின்படி ஆவி எரிவரம்பை நெருங்குவதில்லை. குறைந்த காற்றில் நேரும் கேடு வேறு விதமானது. மூட்டம் பின்னால் போகாமல் சுழன்று திரும்பி விளக்குக் கண்ணாடியிலும் கதவு இடுக்குகளிலும் படிகிறது; பூத்துக்கு வெளியே, மின்சாதனங்கள் சாதாரணமானவையாக உள்ள பகுதிக்கும் கசிகிறது. புதிதாக அடித்த பேனலில் தூசி ஒட்டுவதும், பூத்துக்கு வெளியே நிற்பவருக்கு மணம் வருவதும் இதன் முதல் அறிகுறிகள்.

விசிறிக்கும் கன்னுக்கும் இடையே ஒரு பூட்டு அமைப்பு இருந்தாக வேண்டும். கன்னுக்குப் போகும் காற்றுக் குழாயில் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலினாய்டு வால்வு இருக்கும். காற்றோட்டம் இல்லாவிட்டால் அது மூடிக்கொள்ளும். வால்வுக்கான சைகையை மோட்டாரின் ஸ்விட்சிலிருந்து எடுப்பதை நான் ஏற்பதில்லை. பெல்ட் அறுந்தாலும் மோட்டார் சுழலுமாதலால், சைகை டக்டில் உள்ள காற்றோட்ட உணரியிலிருந்தே வர வேண்டும். மாதம் ஒருமுறை, பெயிண்ட் இல்லாத கன்னைப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை விசிறியை அணைக்கச் சொல்லுங்கள். சில வினாடிகளில் கன்னில் காற்று நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த வால்வைச் சரி செய்யும் வரை தெளிப்பு வேலை இல்லை.

மூன்றாம் படி: தொடங்கும் ஒழுங்கும் முடிக்கும் ஒழுங்கும்

பெயிண்ட் கலக்கும் முன்பே விசிறி ஓட வேண்டும். கார் உள்ளே வருவதற்கு முன் பேட்டரியின் எதிர்மின்முனையைப் பூத்துக்கு வெளியிலேயே கழற்றிவிடுங்கள். உள்ளே நின்ற பிறகு கழற்றினால் அந்த ஒரு நொடிப் பொறி பூத்துக்குள் எழுகிறது. கதவு விளக்கு, அலாரம், தானாக ஓடும் ரேடியேட்டர் விசிறி ஆகிய அனைத்தும் பேட்டரியைக் கழற்றுவதால் அடங்கிவிடுகின்றன. பேட்டரி கழற்றிய காரை எஞ்சின் போடாமல் தள்ளித்தான் உள்ளே கொண்டுபோக முடியும் என்பது கூடுதல் நன்மை.

அடித்து முடித்த பிறகு ஓட வேண்டிய நேரத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். காற்று 14 வினாடிக்கு ஒருமுறை மாறுகிறதே, ஒரு நிமிடம் போதுமே என்று தோன்றும். ஆனால் ஆவி காற்றில் மட்டும் இல்லை. ஈரமான கிளியர் கோட்டிலும், வடிகட்டியில் படிந்த ஈரப் பெயிண்டிலும், தரையில் விழுந்த துளிகளிலும் இருந்து அது தொடர்ந்து எழுந்துகொண்டிருக்கிறது. பெயிண்ட் தயாரிப்பாளர் சொல்லும் உலரும் நேரம் முழுவதும் விசிறி ஓட வேண்டும். அதே பூத்தில் சூடேற்றி உலர்த்துவதாக இருந்தால், ஹீட்டரோ அகச்சிவப்பு விளக்கோ எரியும் முன் குறைந்தது மூன்று நிமிடம் காற்றால் வெளியேற்றம் நடக்க வேண்டும் என்பதும், அதைக் கடிகார ரிலே மூலம் பூட்டி வைக்க வேண்டும் என்பதும் தரநிலையின் தேவை. சூடேற்றும் விளக்குகள் தெளிக்கும் வேளையில் பூத்துக்குள் நிற்கவே கூடாது. அணைத்து வைத்தாலும் அவற்றின் மேல் படியும் பெயிண்ட், அடுத்த முறை விளக்கு எரியும்போது கருகத் தொடங்கும்.

கன் கழுவுவது விசிறி ஓடும்போது, மூடியுள்ள கழுவும் தொட்டியில் நடக்க வேண்டும். காற்றில் பீய்ச்சிக் கழுவும் பழக்கத்தை முற்றிலும் நிறுத்திவிடுங்கள். கடைசியாக நிறுத்த வேண்டியது விசிறி.

நான்காம் படி: பொறியின் வாசல்களை ஒவ்வொன்றாக அடைத்துவிடுங்கள்

டொலுயீன் ஆவி காற்றோடு மிகப் பொருத்தமான அளவில் கலந்திருந்தால், அதைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலின் கால் பங்கு ஆற்றல் போதும். உலர்ந்த நாளில் ரப்பர் காலணியோடு நடந்த மனித உடல் பத்து மில்லிஜூலுக்கு மேல் சேமிக்கக்கூடும். கதவுப் பிடியைத் தொடும்போது நாம் உணரும் சுளீர் என்ற அதிர்ச்சி ஒரு மில்லிஜூல் அளவில்தான் உணர்வுக்கு வருகிறது; எனவே கைக்குத் தெரியாமலே பாயும் பொறியாலும் ஆவி பற்றிக்கொள்ளும்.

நிலைமின்சாரம் அதிகம் வேலை காட்டுவது கலக்கும் அறையில், தின்னரை ஊற்றும் தருணத்தில். இரும்புப் பீப்பாயிலிருந்து டப்பாவுக்கு ஊற்றும் முன், இரண்டையும் ஒரு செப்புக் கம்பியால் கிளிப் போட்டு இணைத்து, பீப்பாயை எர்த் செய்ய வேண்டும். கிளிப்பின் பற்கள் பெயிண்டைத் துளைத்து உலோகத்தைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் கம்பி இருந்தும் பயனில்லை. பிளாஸ்டிக் வாளியை எந்தக் கம்பியாலும் எர்த் செய்ய முடியாது என்பதால், கலக்கும் அறைக்குள் அது வரக் கூடாது. பூத்தின் உலோகச் சட்டம், விசிறி, காரின் உடல் ஆகியவையும் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். காரின் டயர் மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது. எனவே அதற்கென ஒரு கிளிப் கம்பியைப் பூத்தில் தொங்கவிடுங்கள்.

வெளியேற்றும் விசிறியின் இறக்கைகள் உரசினாலும் பொறி வராத உலோகத்தால் ஆனவையாகவும், மோட்டார் காற்றுப் பாதைக்கு வெளியிலும் இருக்க வேண்டும். விளக்குகள் மூடிய கண்ணாடிக்குப் பின்னால் இருக்க வேண்டும். கையில் தூக்கும் விளக்கு, செல்போன், சாதாரண டார்ச் ஆகியவை தெளிக்கும் வேளையில் உள்ளே வேண்டாம்.

வெல்டிங், கிரைண்டிங் பற்றி ஒரு குறிப்பு. பூத்தின் கதவு மூடியிருக்கிறது என்பதால் பக்கத்தில் வெல்டிங் செய்யலாம் என்று எண்ணுவதுண்டு. ஆனால் பூத் தன் காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்று பாருங்கள். காற்று உட்புகும் வடிகட்டி பணிமனையின் பக்கம் திறந்திருந்தால், கிரைண்டரின் பொறியையும் அது உள்ளே இழுக்கும். ஒரு பணிமனையில் உட்புகு வடிகட்டியின் வெளிப்பக்கம் முழுவதும் பொட்டுப் பொட்டாகக் கருகியிருந்ததைக் கண்டேன். கிரைண்டிங் மேசை அதற்கு நேரெதிரே நின்றது. மேசையை வேறு சுவருக்கு மாற்றும்படி சொன்னேன், அன்றே மாற்றினார்கள்.

ஐந்தாம் படி: சர்வீஸ் குழி

பூத்துக்கு விசிறி உண்டு. குழிக்குப் பெரும்பாலும் இல்லை. 5 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 1.4 மீட்டர் ஆழமுள்ள குழியின் கொள்ளளவு 7 கன மீட்டர். அதில் ஆவி 1.1 சதவீதத்தை எட்ட 77 லிட்டர் டொலுயீன் ஆவி போதும். அதாவது ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு தின்னர். பெட்ரோலுக்கும் கணக்கு இதிலிருந்து வெகு தொலைவில் இல்லை. பூத்தின் கதவடியில் கசியும் ஆவியும், கலக்கும் அறையில் சிந்தியதும், எரிபொருள் வடிகட்டி கழற்றும்போது ஒழுகியதும் தரைச் சரிவைப் பின்பற்றிக் கடைசியில் இங்கே வந்து தங்குகின்றன. குழிக்குள் இருப்பது ஒரு மனிதனும், அவன் கையில் ஒரு விளக்கும், பல நேரம் ஒரு மின் கருவியும்.

குழியின் ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் நிமிடத்துக்கு 0.3 கன மீட்டர் காற்று என்ற அளவில், குழித் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உள்ள வாயில் வழியாக இழுத்து வெளியேற்ற வேண்டும். நம் குழிக்கு அது நிமிடத்துக்கு 1.5 கன மீட்டர். ஐந்து நிமிடத்துக்குள் குழியின் காற்று ஒருமுறை மாறும். மேலிருந்து ஒரு டேபிள் ஃபேனைக் குழிக்குள் திருப்பி வைப்பது இதற்கு ஈடாகாது. அது ஆவியைக் கலக்கிவிடுகிறதே தவிர வெளியேற்றுவதில்லை. தவிர, அதன் மோட்டாரே ஒரு பொறி மூலம். எரிபொருள் தொட்டியை வடிக்கும் வேலையைக் குழியின் மேல் செய்யாதீர்கள். திறந்த தட்டில் வடிக்காமல், மூடிய கலனுக்குள், எர்த் இணைப்போடு, வெளிக்காற்றில் செய்யுங்கள். பணிமனைத் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம் வரை சாதாரண பிளக் பாயின்ட், ஸ்விட்ச், பேட்டரி சார்ஜர் எதுவும் இருக்கக் கூடாது. இயற்கை எரிவாயுவில் ஓடும் வண்டிகள் வரும் பணிமனையில், அந்த வாயு காற்றைவிட இலேசானதால் கூரையடியிலும் இதே கவனம் வேண்டும்.

எரிவாயு அளவுமானி வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயங்களை அறிந்திருக்க வேண்டும். மீத்தேனைக் கொண்டு அளவு திருத்திய கருவி, டொலுயீன் ஆவியை உள்ளதைவிடக் குறைவாக, பல நேரம் பாதியளவாகக் காட்டும். எனவே கருவியின் கையேட்டில் உள்ள பெருக்கு எண்ணைப் பயன்படுத்துங்கள். அடுத்து, வினையூக்கி வகை உணரியைச் சிலிகோன் ஆவி செயலிழக்கச் செய்யும். காருக்குப் பளபளப்பு ஏற்றும் பல பாலிஷ்களில் சிலிகோன் இருக்கிறது. செயலிழந்த கருவி எல்லா இடத்திலும் பூஜ்யத்தையே காட்டிக்கொண்டிருக்கும். சோதனை வாயுவைக் காட்டி முள் ஏறுகிறதா என்று பார்க்காமல் அந்தப் பூஜ்யத்தை நம்பிக் குழிக்குள் இறங்காதீர்கள்.

ஆறாம் படி: வடிகட்டியில் படிந்தது, இரவில்

நல்ல கன்னிலும் பெயிண்டின் திடப்பொருளில் மூன்றில் ஒரு பங்கு பேனலில் ஒட்டாமல் போகிறது. பழைய உயர் அழுத்தக் கன்னில் இழப்பு பாதிக்கும் மேல். நம் காரின் கிளியர் கோட்டில் திடப்பொருள் ஒரு கிலோ என்றால், ஏறத்தாழ 350 கிராம் பூத்துக்குள்ளேயே தங்குகிறது. நாளொன்றுக்கு மூன்று கார் என்றால் ஒரு கிலோ. பத்து நாளில் பத்து கிலோ எரிபொருள். இதில் பெரும்பகுதி, காற்று ஊடுருவும் நார்களின் மேல் மெல்லிய பூச்சாக, எரிவதற்கு மிக வசதியான வடிவில் வடிகட்டியில் அமர்ந்திருக்கிறது.

அது சட்டத்தில் பொருத்தியிருக்கும் வரை, ஓடும் காற்று அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். ஆபத்து தொடங்குவது கழற்றி மடித்துக் குப்பைத் தொட்டியில் அமுக்கும்போது. எண்ணெய் சார்ந்த எனாமல்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்தே உலர்கின்றன. அந்த வினை வெப்பத்தை வெளியிடுகிறது. பட்டியோடு சேர்க்கும் பெராக்சைடு ஹார்டனர் போன்றவை கலந்த புதுப் படிவிலும் வினை தொடர்ந்து நடக்கும். விரித்துக் கிடக்கும் வடிகட்டியில் அந்த வெப்பம் கலைந்துவிடும். மடிந்த வடிகட்டியின் நடுவே அது வெளியேற வழியின்றிச் சேர்கிறது. வெப்பம் ஏற ஏற வினை வேகமாகிறது. சில மணி நேரம் கழித்து, யாரும் இல்லாதபோது, அது தானே பற்றிக்கொள்கிறது. எந்தப் பொறியும் தேவையில்லை என்பதால், நான்காம் படி முழுவதையும் ஒழுங்காகச் செய்தவர்கள்கூட இதில் சிக்குகிறார்கள். நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரின் உலர்ந்த தூள் இவை எல்லாவற்றிலும் கொடியது. அது மிக எளிதாகப் பற்றி மிக வேகமாக எரியும். அதை அடிக்கும் பூத்தில் எண்ணெய் எனாமலோ பெராக்சைடு கலந்த பொருளோ அடிப்பதாக இருந்தால், இடையில் வடிகட்டி முழுவதையும் மாற்றிச் சுவரையும் துப்புரவு செய்தாக வேண்டும்.

மாற்றும் முறை இது. விசிறி சிறிது நேரம் ஓடி, ஆவி போன பிறகு, பூத்தின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுங்கள். வடிகட்டியைத் தட்டாமல், உதறாமல் கழற்றி, பூத்துக்குள் ஒரு நொடியும் சாய்த்து வைக்காமல் நேரே வெளியே கொண்டுபோய், தண்ணீர் நிரம்பிய உலோகத் தொட்டியில் முழுதும் மூழ்கும்படி அமுக்குங்கள். மிதந்தால் மேலே ஒரு செங்கல் வையுங்கள். மூடியைப் போடுங்கள், ஆனால் இறுகப் பூட்ட வேண்டாம்: ஐசோசயனேட் ஹார்டனர் மீதமிருந்தால் தண்ணீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடும், இறுக்கமான கலனில் அழுத்தம் கூடும். பெயிண்ட் துடைத்த துணிகளும் இதே தொட்டிக்குத்தான் போக வேண்டும். சட்டத்திலும் தரையிலும் ஒட்டிய படிவை மர, பித்தளை அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். இரும்புச் சுரண்டி வேண்டாம். டக்டில் ஒரு பார்வைக் கதவு வைத்து அவ்வப்போது திறந்து பாருங்கள். உட்சுவரில் நகத்தால் கீறினால் ஏடாகப் பெயரும் அளவுக்குப் படிவு இருந்தால், வடிகட்டி நீண்ட நாளாகக் கசிந்துகொண்டிருக்கிறது.

வடிகட்டி மாற்றும் வேலையை நாளின் கடைசி வேலையாக வைக்காமல் காலையிலேயே முடித்துவிடுங்கள். எதையாவது தண்ணீருக்கு வெளியே தவறவிட்டிருந்தால், அது சூடேறும் நேரத்தில் பணிமனையில் ஆட்கள் இருப்பார்கள். எரிந்த எண்ணெய் வாடை முதலில் அவர்கள் மூக்கில் படும். பூட்டும் முன் ஒருவர் தொட்டியின் மூடியைத் தூக்கி, எல்லாம் தண்ணீருக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்து, குறைந்திருந்தால் தண்ணீர் ஊற்றிவிட்டு, மற்றக் குப்பைத் தொட்டிகளின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்க்கட்டும். எங்காவது வெதுவெதுப்பாக இருந்தால், உள்ளே இருப்பதைக் கிளறாமல், தொட்டியை அப்படியே வெளியே இழுத்து விளிம்பு வரை தண்ணீரால் நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.